எங்கள் மகள் யாழினியின் பரதநாட்டிய அரங்கேற்றம்: குடும்பத்தோடு வாருங்கள்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மூத்த மகள் யாழினியின் பரதநாட்டிய அரங்கேற்றம் 2026 மே 24, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.30 மணிக்கு, அவள் பயிலும் நடனப் பள்ளியின் அரங்கில் நடைபெற இருக்கிறது. நீங்கள் அனைவரும் வந்திருந்து அவளை வாழ்த்த வேண்டும் என்று அன்புடன் அழைக்கிறோம்.

6 வயதில் தட்டடவில் தொடங்கியவளுக்கு இப்போது 15 வயது. விழா மேடைகளில் தோழியரோடு வரிசையில் நின்று அவள் ஆடியதை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். இம்முறை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் மேடையில் அவள் ஒருத்தியே ஆடப்போகிறாள். சொல்லும்போதே எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

புஷ்பாஞ்சலியை அடுத்து, தஞ்சை நால்வர் வகுத்துத் தந்த மார்க்க முறைப்படி அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் எனத் தொடர்ந்து தில்லானாவிலும் மங்களத்திலும் நிகழ்ச்சி நிறைவு பெறும். வர்ணத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தோடி ராகம், ஆதி தாளம், முக்கால் மணி நேரம். தலைவனை எண்ணி ஏங்கும் தலைவியாக ஒரே வரிக்கு விதவிதமாக அபிநயம் பிடித்துவிட்டு, அடுத்த நொடியே அரைமண்டியில் அமர்ந்து ஜதிக்கு ஆட வேண்டும். திரிகால ஜதியின் மூன்றாம் காலத்தில் கால் பிசகாமல் இருப்பதற்காக அவள் விடியற்காலையிலேயே எழுந்து ஆடிப் பழகினாள். அந்தச் சத்தத்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கு முதல் வரிசையில் இடம் வைத்திருக்கிறோம்.

ஒரு முத்திரை தளர்ந்தாலும் விடாமல் மறுபடி ஆட வைத்த அவளுடைய குருவே நட்டுவாங்கம் செய்கிறார். வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் கலைஞர்களும் மேடையிலேயே இருப்பார்கள். சலங்கை பூஜையன்று குருவின் கையால் சலங்கையைப் பெற்றுக்கொண்டு அவள் விழுந்து வணங்கியபோது எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. ஒரு குழந்தையைப் பெற்றவர்களும் கற்றுத் தந்தவரும் சேர்ந்துதான் வளர்க்கிறார்கள் என்று அன்று முழுமையாக உணர்ந்தோம்.

பதங்களில் ஒன்று, குழந்தையைத் தாலாட்டும் தாயைப் பற்றியது. யாழினியே தேர்ந்தெடுத்தாள். தன்னை மடியில் வைத்து வளர்த்த பாட்டிக்காக அதை ஆட விரும்புகிறாள். பாட்டியும் அன்று அரங்கில் இருப்பார்.

சரியாக 5.30 மணிக்குத் தொடங்கிவிடுவோம். கால் மணி நேரம் முன்னதாக வந்துவிட்டால் நல்லது. பிளாஷ் வெளிச்சம் அவள் கண்ணில் பட்டால் அபிநயம் கலையும் என்பதால், அதைப் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். பரிசுப் பொருள்கள் எதுவும் வேண்டாம், உங்கள் ஆசி போதும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மே 15-க்குள் தெரிவித்தால் இருக்கைகளுக்கும் இரவு உணவுக்கும் ஏற்பாடு செய்ய உதவியாக இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் யாழினியிடம் இரண்டு வார்த்தை பேசி, எங்களோடு உணவருந்திவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
சுமதி, இளங்கோவன்