பொருள்: சிங்கப்பூர் பணி அனுபவம் பதிவுக்குக் கணக்கில் வருமா?

பெறுநர்: நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். 2014இல் பி.இ. சிவில் முடித்தேன். அப்புறம் 8 வருடம் சிங்கப்பூரில், அடுக்குமாடிகளுக்குக் கட்டமைப்பு வடிவமைப்பு வேலை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்கீழ் கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு செய்ய வேண்டும். அந்த 8 வருடத்தை அனுபவமாக ஏற்பீர்களா, உள்ளூர் அனுபவம்தான் வேண்டுமா?

நான் வேலை பார்த்த நிறுவனம் இப்போது இல்லை. கையில் இருப்பது முத்திரையிட்ட பணிச் சான்று, சம்பளச் சீட்டுகள், என் கையெழுத்துள்ள 6 வரைபடங்கள். இவை போதுமா? தூதரகச் சான்றொப்பமும் தேவையா?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு மராமத்து வேலை காத்திருக்கிறது; தேக்குத் தூண்கள் இரண்டில் கரையான். மழைக்கு முன் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
மெய்யப்பன்