யமுனாவுக்கு, குரூப்பில் சொல்வதற்கு முன்

யமுனா,

ஒரு செய்தி சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு நல்ல செய்தி, உனக்குப் படிக்கக் கஷ்டமாக இருக்கலாம். இன்னும் பேங்கிலோ பஸ்ஸிலோ இருந்தால் இதை இப்படியே மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு படி. நாளை இரண்டாம் சனி, உனக்கு லீவு. அதனால்தான் இன்றைக்கு அனுப்புகிறேன்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். 13 வாரம் முடிந்திருக்கிறது. மே மாத நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். நேரில் வந்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்ட அடுத்த நொடியே "ஐயோ, சூப்பர்டி" என்று நீ சொல்லியாக வேண்டும், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். அந்த வேலையை உனக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. எழுத்தில் இருந்தால் நீ அழலாம், கோபப்படலாம், போனைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டுத் தூங்கலாம். எனக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

எங்களுக்கு இதற்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை. இதை நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், பின்னால் யார் வாயிலிருந்தோ உன் காதுக்கு வரக்கூடாது. நீ அனுபவித்தது எனக்குத் தெரியும். ஐ.யு.ஐ, அப்புறம் ஐ.வி.எஃப், தினமும் வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசி, முட்டை எடுத்த நாளில் மயக்கம் தெளியாமலேயே "எத்தனை கிடைத்தது" என்று நீ கேட்டது. புரட்டாசியில் பீட்டா எச்.சி.ஜி ரிசல்ட் வந்த மதியம் நீ அனுப்பிய ஒற்றை வார்த்தை இன்னும் என் போனில் இருக்கிறது. எனக்கு எளிதாக நடந்தது உனக்கு இப்படி நடக்கிறது. இதில் எந்த நியாயமும் இல்லை. அப்படி ஒரு நியாயம் இருப்பதாக யார் வந்து விளக்கினாலும் நான் கேட்கப்போவதில்லை.

இதைச் சொல்லும்போது என் அம்மா நினைவுக்கு வருகிறார். திருக்கருகாவூர் அம்மன் சன்னதியில் வைத்துக் கொடுத்த நெய்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பிக்கை அவருடையது, நான் தடுக்கவில்லை. ஆனால் அதே நெய்யை நீயும் பிரபுவும் 48 நாள் ஒரு இரவு விடாமல் சாப்பிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா பேசுவது எந்த வழியாகவாவது உன் வீட்டுக்கு வந்தால், உன் விரதத்தில் ஏதோ குறை இருந்ததுபோல அது கேட்கும். எந்தக் குறையும் இல்லை. உன் முன்னால் இப்படிப் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடியது, ஆனாலும் சரி என்றார்.

உன் சிகிச்சை பற்றி நம் ஹாஸ்டல் குரூப்பில் யாருக்கும் தெரியாது. என் வழியாக இனியும் தெரியாது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அங்கே இதைப் போடப்போகிறேன்:

"எல்லோருக்கும் ஒரு செய்தி. எனக்கும் சரவணனுக்கும் மே மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. மூன்று மாதம் முடிந்தது, நலமாக இருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் பொறுக்கச் சொன்னதால்தான் இவ்வளவு நாள் சொல்லவில்லை. பேச வேண்டும் என்றால் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள், இங்கே வழக்கம்போல மற்ற பேச்சு நடக்கட்டும்."

அவ்வளவுதான். ஸ்கேன் படம் போடவில்லை. "அடுத்தது யார்" என்று கேட்க வேண்டாம் என்று முதலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது யாரைக் குறித்து என்று இவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் எடுத்துவிட்டேன். யாராவது உன் பெயரை இழுத்தால் நான் உடனே பேச்சை மாற்றுவேன், நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆறரை மணிக்கே குரூப்பை மியூட் செய்துவிடு. திங்கட்கிழமை வரை எட்டிப் பார்க்காதே. நீ ஹார்ட் போடவில்லை என்று நான் கவனிக்கப்போவதில்லை, மற்றவர்கள் கேட்டால் ஆடிட் வேலையில் இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வளைகாப்பு ஏழாம் மாதத்தில், தை கடைசி வாக்கில் வைக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். உன் அடுத்த எம்ப்ரியோ டிரான்ஸ்ஃபரும் தையில்தான் என்று சொல்லியிருந்தாய். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் நீ வந்து எனக்கு வளையல் போட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே சமயம், யமுனா வர மாட்டாள் என்று நானே முடிவு செய்து உன்னை விட்டுவிடவும் மாட்டேன். பத்திரிகை வரும். வந்தால் எல்லோரையும் போல நீயும் சந்தனம் பூசி வளையல் போடுவாய். குழந்தை இல்லாதவள் கை வைக்கலாமா என்று எந்தப் பெரியம்மாவாவது முணுமுணுத்தால் அந்த இடத்திலேயே நான் எழுந்துவிடுவேன். மாமியாரிடமும் இதை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டேன். வராவிட்டால் காரணம் கேட்க மாட்டேன். அன்று காலையில் முடிவு செய்தாலும் பரவாயில்லை.

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியாத ஒன்று இருக்கிறது. போன முறை இரவில் ஊசி போடும்போதெல்லாம் நான் போனில் இருந்தேன். பிரபு ஊசியை எடுத்ததும் நீ வேறு ஏதாவது பேசு என்பாய், நான் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேசுவேன். தையிலும் அப்படி இருக்க எனக்கு ஆசை. ஆனால் அந்த நேரத்தில் உனக்கு வேறு யாருடைய குரலாவது தேவைப்படலாம், வயிற்றில் குழந்தையோடு இருப்பவள் குரல் வேண்டாம் என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் "இந்த முறை வேண்டாம்" என்று மட்டும் அனுப்பு. நம் நட்பில் அது ஒரு கீறல்கூட விழ வைக்காது.

மசக்கை, தூக்கமின்மை எல்லாம் பற்றி நீயாகக் கேட்டால் ஒழிய உன்னிடம் பேச மாட்டேன், அதற்கு என் நாத்தனார் இருக்கிறார். ஆனால் உன் சிகிச்சையைப் பற்றி நீ என்னிடம் பேசுவதை நிறுத்திவிடாதே. "இவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாள், இவளிடம் எதற்கு" என்று நினைத்து ரிசல்ட்டை மறைத்துவிடாதே. எனக்கு இரண்டையும் தாங்கும் தெம்பு இருக்கிறது. உனக்கு அடுத்த முறை நிச்சயம் நடக்கும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, அது டாக்டருக்கே தெரியாது. நடக்க வேண்டும் என்று மட்டும் தினமும் நினைக்கிறேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். வாழ்த்தும் வேண்டாம். ஒரு வாரமோ ஒரு மாதமோ பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு. நான் நடுவில் "சாப்பிட்டியா" என்று கேட்டால் அதற்கும் பதில் கட்டாயமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவசரம். உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே தெருவில் இருக்கிறார்கள், ரொம்ப நாள் மறைக்க முடியாது. உன் அம்மாவிடம் நீயே முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் நாளை இரவுக்குள் "நான் சொல்கிறேன்" என்று அனுப்பு, என் அம்மாவை நிறுத்தி வைக்கிறேன். எதுவும் வராவிட்டால் ஞாயிறு காலை என் அம்மாவே உன் அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார். கூடவே, இன்றைக்கு யமுனாவுக்குப் போன் செய்து இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வார்.

கீதா