மாணவர் விசாவுக்காக இருப்புச் சான்றிதழும் ஆறு மாதக் கணக்கு அறிக்கையும் வேண்டி விண்ணப்பம்

08.06.2026
கோபிசெட்டிபாளையம்

அனுப்புநர்:
ப. செல்லமுத்து,
விவசாயி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
கோபிசெட்டிபாளையம் கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 4417 என முடியும் சேமிப்புக் கணக்கு – இருப்புச் சான்றிதழ், ஆறு மாத அறிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் மகள் செ. கவிநிலாவுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் முதுநிலைப் படிப்பில் வரும் செப்டம்பரில் சேர இடம் கிடைத்துள்ளது. படிப்புக் கட்டணத்திற்குக் கல்விக் கடன் ஏற்பாடாகியுள்ளது. அங்கு தங்கிப் படிக்கும் செலவுக்கு என் கணக்கிலுள்ள பணத்தையே ஆதாரமாகக் காட்ட வேண்டியுள்ளது. அந்நாட்டு விதிப்படி, தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும். மகள் 22.06.2026 அன்று விண்ணப்பிக்க இருக்கிறாள்.

எனவே, 08.12.2025 முதல் 08.06.2026 வரையிலான கணக்கு அறிக்கையை ஒவ்வொரு பக்கத்திலும் கிளை முத்திரையும் கையொப்பமும் இட்டு வழங்குமாறும், இன்றைய இருப்பு, கணக்கு தொடங்கிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வங்கியின் முகப்புத் தாளில் ஆங்கிலத்தில் இருப்புச் சான்றிதழ் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். கையொப்பமிடும் அலுவலரின் பெயரும் பதவியும், கிளையின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அதில் இருந்தால், தூதரகத் தரப்பில் சரிபார்க்க நேர்ந்தாலும் தாமதம் ஆகாது.

பெயர் விஷயத்தில் தங்கள் கவனத்தை வேண்டுகிறேன். பாஸ்புக்கில் என் பெயர் 'ப. செல்லமுத்து' என முன்னெழுத்துடன் உள்ளது. ஆனால் என் பாஸ்போர்ட்டிலும் மகளின் பிறப்புச் சான்றிதழிலும் அம்முன்னெழுத்து விரிந்து 'செல்லமுத்து பழனியப்பன்' என்றிருக்கிறது. நான் அவளுடைய தந்தை என்பதை நிறுவுவதே இப்பணத்தை அவள் பயன்படுத்துவதற்கு அடிப்படை. ஆகவே இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று, தங்களிடமுள்ள கேஒய்சி ஆவணங்களைச் சரிபார்த்து, சான்றிதழில் ஒரு வரி சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.

மேலும், 05.05.2026 அன்று வரவாகியுள்ள ரூ.7,40,000, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இவ்வாண்டு மஞ்சள் விற்ற தொகை. வழக்கமாக என் கணக்கில் பால் சங்கப் பட்டுவாடா மட்டும் சிறுசிறு தொகையாக வருவதால், இந்த ஒரே பெரிய வரவு கேள்விக்கு இடமளிக்கலாம். அதற்காக விற்பனைச் சீட்டின் நகலை மகள் தன் விண்ணப்பத்துடன் இணைக்கிறாள். தங்களுக்கும் ஒரு நகல் வைத்துள்ளேன். விசா முடிவு வரும்வரை இத்தொகையை எடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு சென்று படிக்கப்போகும் முதல் பிள்ளை இவள். ஒரு காகிதம் குறைந்து அவள் உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்ற கவலையால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இரண்டிலும் இரு அசல் பிரதிகள், 12.06.2026 வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நலம். உரிய கட்டணத்தை இக்கணக்கிலேயே பற்று வைத்துக்கொள்ளலாம். ஆவணங்கள் தயாரானதும், கணக்கில் பதிவாகியுள்ள என் கைபேசி எண்ணுக்குத் தெரிவித்தால் நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்வேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ப. செல்லமுத்து)

இணைப்பு: பாஸ்புக் முதல் பக்கம், ஆதார், பாஸ்போர்ட், மகளின் பிறப்புச் சான்றிதழ், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், மஞ்சள் விற்பனைச் சீட்டு – நகல்கள்.