அமலன் திருமணத்துக்கான வாழ்த்துரை: மூன்று நிமிடத்துக்குச் சுருக்கியது

அன்புள்ள தம்பி ஜெரோம்,

நீ அனுப்பியதைக் கடிகாரம் பார்த்து உரக்கப் படித்தேன். யாரும் சிரிக்காத என் வீட்டுக் கூடத்திலேயே 11 நிமிடம் ஆகிறது. மண்டபத்தில் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்தால் கால் மணி நேரத்தைத் தொட்டுவிடும். கேக் வெட்டியவுடன் உன்னை அழைப்பார்கள். மணமக்கள் திராட்சைச் சாற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி நிற்பார்கள். காலையிலிருந்து திருப்பலி, படம் எடுப்பது என்று நின்று நின்று ஸ்டெல்லாவுக்குக் கால் கடுத்திருக்கும். மூன்று நிமிடம் என்று அமலன் வீட்டார் சொன்னது நியாயமான அளவுதான்.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது நிமிடத்துக்கு நூறு சொல் என்று கணக்கு வைப்பேன். அதற்கு மேல் போனால் வேகம் கூடிக் கடைசிச் சொற்கள் விழுங்கப்பட்டுவிடும். உனக்கு அதிலும் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். ஜனங்கள் சிரிக்கும்போது நீ வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அந்த நேரமும் மூன்று நிமிடத்துக்குள் அடக்கம்.

உன் எழுத்தில் ஆறு கதைகள் இருந்தன. மணியாச்சிக் கதையும் மக்ரூன் கதையும் மட்டும் போதும். முதலாவது அமலன் எப்படிப்பட்டவன் என்று காட்டுகிறது, இரண்டாவது அவனுக்கு ஏன் ஸ்டெல்லா என்று காட்டுகிறது. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் நீ விளக்கம் சொல்லவே வேண்டாம். விடுதிக் கதை நல்ல கதைதான், நான் தனியாகச் சிரித்தேன். ஆனால் அது உன் வகுப்பில் படித்த பத்துப் பேருக்கு மட்டும் புரியும். அதை இரவு பந்தியில் உட்கார்ந்து சொல். பைக் விபத்தை எடுத்துவிட்டேன், அவன் அம்மா முன்னிலையில் அது வேண்டாம். "இன்றோடு உன் சுதந்திரம் போயிற்று" என்ற வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்திருக்கிறேன். அந்த நகைச்சுவையை எல்லாத் திருமணத்திலும் யாராவது சொல்கிறார்கள், கேட்கும் பெண்ணுக்கு ஒருநாளும் அது இனிப்பதில்லை. நன்றிப் பட்டியல் முழுவதும் போயிற்று. அது நிகழ்ச்சியை நடத்துபவரின் வேலை. அன்பைப் பற்றிய விவிலிய வசனத்தைக் காலையில் பங்குத்தந்தை பிரசங்கத்திலேயே விரித்துச் சொல்லிவிடுவார்.

மணியாச்சிக் கதையை நீ ரயில் டிக்கெட் எடுத்ததிலிருந்து தொடங்கியிருந்தாய். தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேரே வண்டிக்குள் ஏறிவிட்டேன். கருப்பட்டி வரியை நடுவில் போட்டுவிட்டு அதற்குப் பின் நான்கு வரி எழுதியிருந்தாய், அதனால்தான் எடுபடவில்லை. இப்போது அது கடைசியில் இருக்கிறது. சொல்லிவிட்டு நிறுத்து.

இதோ, நீ பேச வேண்டியது:

"எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெரோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அமலனுக்குப் பக்கத்து இருக்கை.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக நானும் அமலனும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மணியாச்சியில் ஒரு பாட்டி நான்கு மூட்டைகளோடு இறங்கத் தவித்தார். அமலன் கைலியோடு இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தான். நான்காவது மூட்டையை வைக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அவன் சட்டை, செருப்பு, சான்றிதழ், கைப்பேசி எல்லாம் வண்டியில். அவன் மட்டும் நடைமேடையில்.

நான் இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் எழும்பூரில் காத்து நின்றேன். பின்னால் வந்த வேறொரு ரயிலிலிருந்து கைலி, பனியனோடு அமலன் இறங்கினான். கையில் ஓர் ஓலைப்பெட்டி. நான் பதறிப்போய்ச் சான்றிதழ் கோப்பை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. 'டேய், முதலில் இதைப் பிடி. பாட்டி கொடுத்த கருப்பட்டி. எறும்பு வந்துவிட்டது' என்றான்.

அந்த வேலை கிடைத்தது. கருப்பட்டியில் பாதி எனக்குக் கிடைத்தது.

பல வருடம் கழித்து, ஸ்டெல்லா வீட்டுக்கு முதல்முறை போகும்போது என்னையும் அழைத்துப் போனான். ஒரு கிலோ மக்ரூன் வாங்கினான். தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. வெயில் தாங்கும், மழை தாங்காது. அன்று மழை.

ஸ்டெல்லாவின் அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே மக்ரூன் இல்லை. பாயசம் இருந்தது. வீடே அமைதியாகிவிட்டது. அமலன் என் முகத்தைப் பார்க்கிறான், நான் வாசலைப் பார்க்கிறேன். ஸ்டெல்லா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். திரும்பி வந்தபோது அவர் கையில் ஐந்து கரண்டிகள். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுச் சொன்னார்: 'எங்கள் வீட்டில் மக்ரூனை இப்படித்தான் சாப்பிடுவோம்.'

மாமா, நீங்கள்தான் இரண்டாவது கரண்டி எடுத்தீர்கள்.

அமலன் யாருக்காகவாவது வழியில் இறங்குவான். நனைந்து வருவான், தாமதமாக வருவான், ஆனால் வெறுங்கையோடு வரமாட்டான். ஸ்டெல்லா, அவன் எதைக் கொண்டுவந்து நின்றாலும் கரண்டி எடுத்துவர உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இன்று எனக்கு இவ்வளவு சந்தோஷம்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கோப்பையை உயர்த்துங்கள். அமலனும் ஸ்டெல்லாவும் நீடூழி வாழ்க!"

இதை நிதானமாகப் படித்தேன், நிறுத்தங்களோடு மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்னால் முடிகிறது. அன்று யாராவது நேரத்தைக் குறைக்கச் சொன்னால் "அந்த வேலை கிடைத்தது" என்று தொடங்கும் இரண்டு வரியையும் மக்ரூன் எதில் செய்வது என்பதையும் விட்டுவிடு. கரண்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. "அன்று மழை" என்ற இடத்தில் அவசரப்படாதே. அங்கேயே பெண்வீட்டார் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், அவர்களுக்குத்தான் அந்தக் கதை தெரியும். அவர்கள் சிரிப்பைப் பார்த்து மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

தாளில் எழுதி வைத்துக்கொள், கைப்பேசியைப் பார்த்துப் படிக்காதே. வலது கையில் கோப்பை, இடது கையில் மைக் என்றால் தாளைப் பிடிக்க இடமில்லை. கோப்பையைக் கடைசி வரிக்கு முன் யாரையாவது எடுத்துத் தரச் சொல். ஸ்டெல்லாவிடம் நேற்றுப் பேசினேன். கரண்டிக் கதையைத் தாராளமாகச் சொல்லலாம் என்றாள். அவளுடைய அப்பாவைப் பெயர் சொல்லாமல் "மாமா" என்று அழைத்திருக்கிறேன். ஆனாலும் நீயே அவருக்கு ஒரு போன் போட்டு அந்த வரிக்குச் சம்மதம் கேள், இன்றைக்கே.

அன்புடன்,
அக்கா