பின்னட்டையில் நாலு வரி: ஒரு வேண்டுகோள்

கருங்கல்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால், நாகர்கோவில் கூட்டம் முடிந்ததும் என் கதையைத் தங்களிடம் கொடுத்தவள் நான். பத்து நாளில் தங்கள் அஞ்சலட்டை வந்தது. ‘பனையேறியின் மகள் எழுதுகிறாய். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு எதற்குப் பூசுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். அதை ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டிருந்தீர்கள். அக்கானி புளிக்காமல் இருக்கத்தான் என்று அம்மாவிடம் கேட்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் அது கதைக்குள் வரவேண்டிய விஷயம் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதிய பதினொரு கதைகள் தொகுப்பாக வருகின்றன, சார். 152 பக்கம். காலையிலும் மாலையிலும் பனையேறிப் பாளை சீவிய அப்பா, விடிலியில் புகைக்குள் அக்கானி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய அம்மா, மரமெல்லாம் சூளைக்குப் போனபின் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போன அண்ணன்மார் என்று எல்லாம் நம்ம விளவங்கோடு பக்கத்து ஆட்கள்தான்.

பின்னட்டைக்குத் தாங்கள் நாலு வரி எழுதித் தரமுடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கண் சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டேன். அதனால் மொத்தத்தையும் அனுப்பாமல், இரண்டு கதைகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மீதியையும் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் ஒரு வார்த்தை போதும், நானே கொண்டுவந்து தருகிறேன். பதிப்பகத்தார் நவம்பர் 10 வரை அட்டையை முடிக்கப்போவதில்லை. தங்கள் வரிகள் வராவிட்டால் அந்த இடத்தில் கதையிலிருந்தே ஒரு பத்தியைப் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். ஆகவே தங்களால் புத்தகம் எதுவும் தாமதமாகாது.

கதைகள் பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து எழுதவேண்டாம். பிடித்தும் நேரம் இல்லை என்றாலும் அப்படியே. பதில் வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன். நினைவூட்டிக் கடிதமோ போனோ வராது, வேறு யாரையும் சொல்லி அனுப்பவும் மாட்டேன். எழுதித் தந்தால் ஒரு சொல்லையும் வெட்டாமல் போடுவோம். அச்சுக்குப் போகும் முன் அட்டை தங்கள் பார்வைக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அஞ்சலட்டையின் கடைசியில் என் மொழியைப் பற்றி ஒரு நல்ல வரி உண்டு. அதையே பின்னட்டையில் போடலாமே என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். அது எனக்காக எழுதியது, புத்தகத்துக்காக அல்ல என்று மறுத்துவிட்டேன். அதற்கு அனுமதி கேட்டும் இதை எழுதவில்லை.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு வீட்டுக்கு வருவேன். நாலு வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன். அம்மா கருப்பட்டி தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
தங்கள் கேள்வியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்
கருங்கல் வாசகி