கண்மாய்க் கருத்தரங்கம்: தொடக்க வரவேற்புரை

எல்லாருக்கும் காலை வணக்கம்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டீர்களா? பின்பக்கம் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இடது ஓரத்தில் இரண்டு வரிசை காலியாக இருக்கிறது. கூச்சப்படாமல் வந்து உட்காருங்கள், நான் காத்திருக்கிறேன்.

நன்றி. கண்மாய்களின் இன்றைய நிலை பற்றிய இந்த இரண்டு நாள் கருத்தரங்கத்திற்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும் எங்கள் கல்லூரியின் சார்பில் கைகூப்பி வரவேற்கிறேன். நம் முதல்வர் அம்மா அவர்களே, நீர்வளத் துறைப் பொறியாளர்களே, பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, வணக்கம். எல்லாருக்கும் முன்பாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வணக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நிறுத்தி வைத்திருந்தேன். முதல் இரண்டு வரிசையில் இருக்கும் நீர்க்கட்டி அய்யாமார்களே, அம்மாமார்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் இவர்கள் வந்திருக்கிறார்கள். சிலர் நேற்றிரவு கடைசி பஸ் பிடித்து வந்து நம் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். எந்த மடையை எந்த நாளில் எத்தனை விரல் திறந்தால் கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும் என்பது இவர்கள் கைக்குத் தெரியும். அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கி, ராத்திரி பகல் பார்க்காமல் கரை காத்த குடும்பங்கள் இவை. இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே இருந்தார்கள். அவர்கள் அறிவை ஊர் பயன்படுத்திக்கொண்டது. அதற்குரிய மரியாதையை ஊர் கொடுத்ததில்லை. அதனால்தான் இன்றைய முதல் அமர்வை அவர்களுக்கே கொடுத்திருக்கிறோம். சிறப்புரை, தலைமையுரை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்காக இரண்டு வழக்கங்களை இந்த முறை விட்டுவிட்டோம். மேடையில் பொன்னாடை கிடையாது, நினைவுப் பரிசும் கிடையாது. அந்தத் தொகையை நீர்க்கட்டிகளின் இரண்டு நாள் கூலிக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்கிவிட்டோம். சால்வை போர்த்தும் நேரமும் அவர்கள் பேச்சுக்கே போகிறது. விருந்தினர்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொன்னோம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இனி அறிவிப்புகள். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் துணிப்பைக்குள் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாம் அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இப்போது இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தெரிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மற்றதைத் தேநீர் இடைவேளைக்கு முன் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை ஞாபகப்படுத்துவேன்.

முதலில், அட்டையில் உள்ள ஒரே ஒரு திருத்தம். பேனா இருப்பவர்கள் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். மதியம் இரண்டேகால் மணி அமர்வுகளில் 'ஆயக்கட்டும் ஆக்கிரமிப்பும்' என்ற அமர்வு முதல் மாடியில் நடக்கும் என்று அச்சிட்டிருக்கிறோம். அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம், நூலகத்தை அடுத்த கூடத்துக்கு. மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் பலர் அந்த அமர்வுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். திரும்பவும் சொல்கிறேன்: ஆயக்கட்டு அமர்வு, கீழ்த்தளம், நூலகத்தை அடுத்த கூடம். மற்ற இரண்டு அமர்வுகளும் அச்சிட்ட இடத்திலேயே நடக்கும்.

அடுத்து, வெளியே போகும் வழி. நீங்கள் உள்ளே வந்த பெரிய கதவைத் தவிர, என் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. இரண்டும் பூட்டப்படாது. ஏதாவது அவசரம் என்றால் பக்கத்தில் உள்ள கதவு வழியாக இறங்கி, எதிரே தெரியும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள். மின்சாரம் போனால் பதற்றம் வேண்டாம். ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம் ஆகும், அதுவரை உட்கார்ந்தே இருங்கள்.

கழிப்பறை, வலப்பக்கக் கதவைத் தாண்டியதும் பெண்களுக்கு. கேன்டீனை ஒட்டி ஆண்களுக்கு. சக்கர நாற்காலி போகிற கழிப்பறை சாய்தளம் முடியும் இடத்திலேயே இருக்கிறது. கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கு அலுவலக அறையைத் திறந்து வைத்திருக்கிறோம், மின்விசிறியும் பாயும் போட்டிருக்கிறது. தொழுகைக்கு அதற்கடுத்த அறை. செவிலியர் ஒருவர் மாலை வரை வரவேற்பு மேசையில் இருப்பார். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவர மறந்தவர்கள் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். பச்சை அட்டை அணிந்த மாணவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், கூடவே வந்தும் விடுவார்கள்.

குடிதண்ணீர் அரங்கத்தின் பின்னால் மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம், சில்வர் டம்ளரோடு. பிளாஸ்டிக் பாட்டில் எங்கும் இருக்காது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் நம் கண்மாய்க் கலிங்குகளில் வந்து அடைத்து நிற்பது அதுதான். இந்த வளாகத்திலாவது இந்த இரண்டு நாளும் அது வேண்டாம்.

செல்போன்களைத் தயவுசெய்து இப்போதே அமைதியில் வைத்துவிடுங்கள். வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருந்து அழைப்பு எதிர்பார்ப்பவர்கள் கதவுப் பக்கம் உட்கார்ந்தால் எழுந்து போக வசதியாக இருக்கும். படம் எடுப்பது பற்றி ஒரு வேண்டுகோள். நீர்க்கட்டிகள் பேசும்போது படமோ வீடியோவோ எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆக்கிரமிப்பு பற்றி இங்கே மனம்விட்டுப் பேசுபவர் நாளை அதே ஊரில் போய் வாழ வேண்டும். அவர் சொன்னது அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. மற்ற அறிவிப்புகளில் ஏதாவது மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இன்றைய நாள் எப்படிப் போகும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில நிமிடங்களில், சரியாக ஒன்பதே முக்காலுக்கு, நீர்க்கட்டிகள் அமர்வு. பதினொன்றேகாலுக்குத் தேநீர். பதினொன்றே முக்காலிலிருந்து கல்வெட்டுகளில் நீர்மேலாண்மை. ஒன்றேகாலுக்குச் சாப்பாடு. இரண்டேகாலுக்கு மூன்று இடங்களில் அமர்வுகள். நான்கு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு, நான்கரைக்கு எல்லாரும் மறுபடி இங்கே கூடி ஒரு மணி நேரம் பொது விவாதம். ஐந்தரைக்கு முடித்துவிடுவோம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் நீட்ட மாட்டோம். வெளியூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த நிமிடங்கள் பெரிது.

அதனால் பேசுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும், பதினைந்தில் இரண்டு மணி. யாராக இருந்தாலும் மணி அடிக்கும். நீர்க்கட்டிகள் அமர்வுக்கு மட்டும் மணி கிடையாது. முழுதாக ஒன்றரை மணி நேரம் அவர்களுடையது, அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று நேற்றிரவே அவர்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். மடைத்தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் கையைத் தூக்கினால் மாணவர் ஒருவர் வந்து நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார். அமர்வுகள் எல்லாம் தமிழில்தான். கேரளத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்குப் பின்வரிசை இடது ஓரத்தில் மெதுவான குரலில் மொழிபெயர்ப்பு நடக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு வாழையிலையில், தரைத்தளக் கூடத்தில். டோக்கன் எதுவும் கிடையாது, பதிவு அட்டை கழுத்தில் இருந்தால் போதும். முதல் பந்தியில் பெரியவர்களையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் உட்கார விடுவோம். மற்றவர்களுக்கு இருபது நிமிடம் பொறுத்தால் இரண்டாம் பந்தி. எல்லாருக்கும் போதுமான சாப்பாடு இருக்கிறது, யாரும் ஓட வேண்டியதில்லை.

நாளைய பயணத்தைப் பற்றி இப்போதே சொல்லியாக வேண்டும். பலர் அதைக் கேட்டுத்தான் இரவு தங்குவதா, ஊருக்குப் போய் வருவதா என்று முடிவு செய்வீர்கள். நாளை ஞாயிறு காலை மாடக்குளம் கண்மாய்க்குப் போகிறோம். கல்லூரி வாசலிலிருந்து ஆறரை மணிக்கு மூன்று பேருந்துகள் கிளம்பும். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த நகரத்தை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஊருக்கு அடையாளமாக ஒரு கண்மாயைச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இன்றைக்கு அதைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. வரத்துக்கால் எங்கே சுருங்கியது, கரை எங்கே பலமிழந்தது என்பதை நீர்க்கட்டிகள் நடந்தபடியே காட்டுவார்கள். பொறியாளர்கள் அளவு நாடாவோடு கூடவே வருவார்கள். இரண்டு பேரும் ஒரே கரையில் நின்று பேச வேண்டும் என்பதுதான் இந்தக் கருத்தரங்கத்தைக் கூட்டியதன் காரணமே.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிரம்பும். நடுவில் ஒன்று கெட்டால் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் காய்ந்துபோகும். 1895-இல் பெரியாறு அணை வந்தது, 1959-இல் வைகை அணை வந்தது. அப்படியும் கண்மாயை நம்பி நாற்றுப் பாவும் ஊர்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. அந்த ஊர்க்காரர்கள்தான் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நாளைக்குத் தொப்பியோ துண்டோ கொண்டு வாருங்கள், பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு கரையிலேயே, இட்லியும் பொங்கலும். நடக்க முடியாதவர்கள் வர வேண்டாம் என்று அர்த்தமில்லை. அவர்களுக்காக ஒரு வேன் கலிங்கு வரை போகும், வரவேற்பு மேசையில் இன்று மாலைக்குள் பெயர் கொடுத்துவிட்டால் போதும். பத்து மணிக்குத் திரும்பிவிடுவோம். பத்தரைக்கு அமர்வுகள், ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குத் தீர்மானங்கள். தீர்மானங்களை நீங்கள்தான் எழுதப் போகிறீர்கள். வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், இன்று மாலைக்குள் உங்கள் யோசனைகளை அதில் போடுங்கள். நீர்வளத் துறை அதிகாரிகளிடம் நாளை மூன்றரை மணிக்கு அதை நேரில் கொடுக்கிறோம்.

வருகைச் சான்றிதழ் வேண்டிய மாணவர்கள் நாளை தீர்மானம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், இன்று மேசையில் கேட்க வேண்டாம்.

அறிவிப்புகள் முடிந்தன. மணி ஒன்பது நாற்பத்து மூன்று. மேடையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறோம், மைக் தானாக எல்லாருக்கும் எட்டும். எழுந்து நின்று பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தே பேசலாம். நீர்க்கட்டி அய்யாமார்களே, அம்மாமார்களே, மேடைக்கு வாருங்கள். தம்பிகளா, படியில் கை கொடுத்து ஏற்றிவிடுங்கள்.