உறைபனிக் காலையின் மூன்று வரிகள்

பூம்பாறையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நடந்து வரும் என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

ஜனவரி பிறந்ததிலிருந்து கரும்பலகையின் வலது மூலையில் தினமும் மூன்று வரி எழுதி வந்தேன். கணக்குப் பாடத்துக்கு இடம் வேண்டும் என்பதால் இரண்டாம் பாடவேளைக்குள் அது அழிந்துபோகும். போன வாரம் உங்களில் சிலர் அந்த வரிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். அவசரத்தில் எழுதியதால் பல இடங்களில் மூன்றாம் வரி விட்டுப்போயிருந்தது. மூன்றாம் வரி இல்லாவிட்டால் இந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன். மார்ச் மாதம் தேர்வுக்குப் போகும்போது பையில் இருக்கட்டும்.

ஹைக்கூ என்னும் இந்த மூன்று வரிக் கவிதையை ஜப்பானியர்கள் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஒலிகளை எண்ணி அமைப்பார்கள். 1916-இலேயே பாரதியார் சுதேசமித்திரனில் அந்தக் குறுங்கவிதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் ஒலி எண்ணவில்லை. எனக்கு வேறு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: நம் மலையில் கண்ணால் பார்க்காத எதையும் எழுதக் கூடாது. ‘முயற்சி திருவினை ஆக்கும்’ என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் விடியுமுன் எரியும் அடுப்பை மட்டும் என்னால் காட்ட முடியும்.

புல் நுனியில் உறைபனி
அதன்மேல் முதல் தடம்
பால் கறக்கப் போனவருடையது

ஐந்து மணி அலாரம்
அதற்கு முன்னே விழித்துவிட்டது
அம்மாவின் அடுப்பு

இன்னும் விடியவில்லை
உருளைக்கிழங்குச் செடிக்கு நீர் தெளிக்கும்
விறைத்த விரல்கள்

இந்த மூன்றாவதை எழுதிய அன்று வகுப்பே அமைதியாக இருந்தது. வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்து இலையில் படிந்த பனியைக் கழுவாவிட்டால் செடி கருகிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் நான்கைந்து பேர் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறீர்கள். காலையில் உங்கள் கைவிரல்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்களில் முதல் பாடவேளையில் நான் எழுதச் சொல்வதில்லை, வாசிக்கச் சொல்வேன். காரணம் இதுதான்.

கம்பளிக்குள் கிடந்த கை
பேனாவைத் தொட்டதும்
சூடேறத் தொடங்குகிறது

ஜன்னல் கண்ணாடியில் ஆவி
விரலால் ஒரு சமன்பாடு
இந்த முறை சரியாக வருகிறது

மூடுபனி
அடுத்த வளைவு தெரியவில்லை
பஸ் ஏறிக்கொண்டேயிருக்கிறது

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, எவ்வளவு படித்தாலும் ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லையே?” உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மாலையில் கடைவீதி வழியாக நடந்தபோது பூண்டு ஊன்றிய வயல்கள் கண்ணில் பட்டன. நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் அதன் மணத்தையும் காரத்தையும் எழுதின. குனிந்து ஊன்றிய முதுகுகளையும் நான் எழுத வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கரும்பலகையில் இடம் போதாமல் போயிற்று.

ஒரு பல்லை ஊன்றினாள்
மண்ணை மூடினாள்
அடுத்த பல்லை எடுத்தாள்

இந்த ஒன்றில்தான் எனக்கு முழுத் திருப்தி. இதில் உவமையும் இல்லை, அறிவுரையும் இல்லை. ஒரு பாத்தி முடிய எத்தனை பல் ஊன்ற வேண்டும் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தால் பாதியிலேயே இடுப்பு வலி வந்திருக்கும். கையில் இருக்கும் பல்லைத்தான் அவள் பார்க்கிறாள். நானூறு பக்கப் புத்தகத்தை இரவில் கையில் எடுக்கும்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எத்தனை பக்கமோ, அவ்வளவுதான்.

நேற்றும் மண்தான், இன்றும் மண்தான்
வரப்பில் அமர்ந்த தாத்தா
களைக்கொத்தைத் தீட்டுகிறார்

பரணில் விதைப்பூண்டு
கீழே தினமும் எரிகிறது
அதே சிறு அடுப்பு

புகையில் கிடக்கும் பூண்டு ஒரே நாளில் பக்குவப்படுவதில்லை. பெரிய நெருப்பை மூட்டினால் வெந்துபோகும். சோறு பொங்கும் அடுப்பின் புகை, நாள்தோறும், மாதக்கணக்கில். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்துப் படிப்பேன் என்று சொன்னவருக்காக இதை எழுதினேன். அவர் படித்துச் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டில் விளக்கு எரிவதைப் பால்காரர் சொன்னார்.

பொறுமையைப் பற்றி எழுதும்போது குறிஞ்சியை விட்டுவிட முடியுமா? 2018-இல் நம் மலை நீலமானபோது நீங்கள் ஐந்தாம் வகுப்பு. யாருடைய தோளிலாவது ஏறிப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது உங்களுக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ ஆகியிருக்கும். பூத்த ஆண்டைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பூக்காத பதினோரு ஆண்டும் அந்தப் புதர் சும்மா நிற்பதில்லை.

பூக்காத ஆண்டிலும்
மழை குடித்து நிற்கிறது
குறிஞ்சிப் புதர்

சுற்றுலாப் பேருந்து நிற்கவில்லை
புதர் இந்த ஆண்டும்
ஒரு சாண் வளர்ந்திருக்கிறது

இன்னொரு இடம் இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்க்கும் இடம்: சூரிய ஆய்வகம். 1904-ஆம் ஆண்டு முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் அதே வேலை. ஒரு நாள் படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் வட்டமும் சில கரும்புள்ளிகளும்தான் தெரியும். நாள்களை வரிசையாக வைத்தால்தான் புள்ளிகள் நகர்வதும், சூரியன் தன்னைத்தானே சுற்றுவதும், சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைவதும் தெரியவரும். கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இந்த மலையில்தான். இயற்பியல் பாடம் தூரத்து ஊரில் நடந்த கதை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அந்த வாசலில் நின்று பாருங்கள்.

நேற்று எடுத்த அதே சூரியன்
இன்றும் எடுக்கிறார்கள்
புள்ளி சற்று நகர்ந்திருக்கிறது

மேகம் மூடிய காலை
தொலைநோக்கி அருகே
ஒருவர் காத்திருக்கிறார்

அதன் பிறகு வந்த வாரம் கடினமானது. திருப்புதல் தேர்வின் மதிப்பெண்கள் வந்தன. சிலர் மதிய உணவைத் தொடவில்லை. அந்த ஐந்து நாட்களில் எழுதியவற்றை விளக்கமின்றி அப்படியே தருகிறேன்.

சிவப்பு மையில் எண்
அதே தாளின் பின்புறம்
பென்சிலால் கணக்கு

காட்டுமாடு மிதித்த பாத்தி
காலையில் அப்பா
நாற்றுக் கூடையோடு

முடிச்சு அவிழ்ந்த மூட்டை
திட்டாமல் குனிகிறார்
சுமை ஏற்றும் அண்ணன்

தலையில் விறகு
ஏற்றத்தில் பேச்சில்லை
மூச்சு மட்டும்

புல்வெளி கருகிய மாதம்
காட்டுப்பூவரசு
சிவப்பாகப் பூக்கிறது

வெள்ளிக்கிழமை காலையில் நான் வருவதற்கு முன்பே கரும்பலகை மூலையில் யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுகொண்டேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மின்சாரம் போய்விட்டது
மெழுகுவத்தி எரியும்வரை
ஒரு பாடம்

‘ஒரு பாடம்’ என்பதை இன்னும் அழகான சொல்லாக மாற்றலாமா என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். மெழுகுவத்தி எவ்வளவு நேரம் எரியும், அதற்குள் எவ்வளவு படிக்கலாம் என்று அளந்து பார்த்தவர் எழுதியது அது. நான் எழுதிய அத்தனையையும்விட அதில் உண்மை இருக்கிறது. அன்று கணக்கு ஆசிரியர் அந்த மூலையை அழிக்கவே இல்லை. பலகையின் மீதி இடத்திலேயே பாடம் நடத்தினார்.

அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். அதில் இரண்டை இங்கே சேர்க்கிறேன். மூன்றாவதை எழுதியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

படிக்கட்டு வயலின் சுவர்
ஒவ்வொரு கல்லும்
யாரோ சுமந்தது

தம்பி தூங்கிவிட்டான்
அவன் போர்வை நுனியில் மறைத்து
என் டார்ச் வெளிச்சம்

இனி வருபவை கரும்பலகையில் எழுதாதவை. தேர்வு நாட்களுக்காக வைத்திருந்தேன். மையம் நம் ஊரில் இல்லை. விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் குளிர் கடுமையாக இருக்கும். குல்லாயும் சால்வையும் மறக்காதீர்கள். வெறும் வயிற்றோடு வளைவுகளில் போனால் தலை சுற்றும், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். இந்தத் தாளை மட்டும் பாருங்கள், அதையும் சலிப்பு வந்தால் மடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

இருட்டில் பஸ் நிறுத்தம்
ஹால் டிக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும் கை
மறுபடியும், மறுபடியும்

வளைவு திரும்பியதும்
எதிர் மலையில் வெயில்
நம் பக்கமும் வரும்

வினாத்தாள் இன்னும் வரவில்லை
வெளியே சோலையில்
ஒரு பறவை சீட்டியடிக்கிறது

தெரியாத கேள்வி
அதைத் தாண்டி
தெரிந்த கேள்வி

கடைசி பத்து நிமிடம்
பேனா நிற்கவில்லை
முதல் வரியின் அதே கையெழுத்து

கார்த்திகையில் ஊன்றிய பூண்டைப் பிடுங்கும் நாளும் உங்கள் தேர்வு முடியும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வீட்டில் எல்லோரும் வயலில் இருப்பார்கள். தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்கக்கூட வாசலில் ஆள் இல்லாமல் போகலாம். அதற்காக வருந்தாதீர்கள். பையை வைத்துவிட்டு வயலுக்குப் போங்கள். மண் படிந்த கையோடு நிமிர்ந்து பார்த்து அங்கேயே கேட்பார்கள்.

கடைசித் தேர்வு முடிந்தது
திறந்திருக்கும் வாசலில்
பிடுங்கிய பூண்டின் மணம்

உங்கள் தமிழாசிரியர்